சொன்னவர் யார், கேட்டவர் யார்: பண்புசார் ஆய்வொன்றை மதிப்பிடுதல்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு தாதியியல், உளவளத்துணை, பொதுச் சுகாதாரம், சமூகப்பணி என ஏதாவதொன்றைப் படிப்பவருக்கு ஒரு நாள் இந்த ஒப்படை வந்தே தீரும்: பண்புசார் ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து விமர்சன மதிப்பீடு எழுதுக. பெரும்பாலானோர் உடனே லிங்கனும் கூபாவும் 1985இல் முன்வைத்த நான்கு அளவுகோல்களைத் தேடிப் போவார்கள். ஆய்வு சொல்வதை நம்பலாமா, வேறிடத்துக்குப் பொருத்தலாமா, ஆய்வு நடந்த வழியைப் பின்தொடர முடியுமா, முடிவுகள் தரவிலிருந்துதான் வந்தனவா என்ற நான்கு கேள்விகள் அவை. கேள்விகளில் குறையில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி எழுதி, “ஆசிரியர் முக்கோணப்படுத்தலைப் பயன்படுத்தியுள்ளார், எனவே நம்பகத்தன்மை உண்டு” என்று முடித்துவிட்டால், கட்டுரையின் பெயரை மாற்றி அதே மதிப்பீட்டை வேறெந்த ஆய்வுக்கும் ஒட்டிவிடலாம். திருத்துகிறவருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த அத்தியாயம் சொல்லும் வழி வேறு. கட்டுரையின் முடிவுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது யாருடைய வாயிலிருந்து, யாருடைய காதுக்கு, எந்தச் சூழலில் வந்தது என்று கீழிறங்கிப் பார்ப்பது. நான்கு அளவுகோல்களும் போகிற வழியில் தாமாகவே எதிர்ப்படும்.

எடுத்துக்கொள்ளும் கட்டுரை

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் ‘இன்டர்நேஷனல் ஜேர்னல் ஒஃப் மென்டல் ஹெல்த் சிஸ்டம்ஸ்’ என்ற இதழில் வெளியிட்ட, வட இலங்கையின் கூட்டு மனவடு பற்றிய பண்புசார் ஆய்வை எடுப்போம். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பது ஒரு வசதி. வாசகருக்கு ஊரும் சம்பவங்களும் தெரியும் என்பது இன்னொரு வசதி. அதுவே ஒரு பொறியும்கூட.

முழுக் கட்டுரைக்குள் போகுமுன் அதன் சுருக்கத்தை மட்டும் இரண்டு முறை வாசித்து, உங்கள் கேள்விகளை எழுதிவையுங்கள். உள்ளே போன பிறகு ஆசிரியரின் நடை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். முன்பே எழுதிய கேள்விகள் அப்போது கைகொடுக்கும். சுருக்கம் சொல்வது இதுதான். ஆசிரியர் தமிழ்ச் சமூகத்தில் உளசமூக, சமுதாய உளநலத் திட்டங்களில் நேரடியாக ஈடுபட்டுக்கொண்டே இந்த ஆய்வைச் செய்திருக்கிறார். பங்குபற்றி அவதானித்தல், முக்கிய தகவலாளர்களுடனான நேர்காணல், குழுக் கலந்துரையாடல் ஆகியவை அவருடைய வழிகள். பேசியவர்கள் சமுதாய மட்டத்தில் நிவாரணமும் புனர்வாழ்வும் செய்த பணியாளர்கள், அரச அதிகாரிகள், அரசசார்பற்ற நிறுவன அதிகாரிகள். நீண்ட போரின் விளைவுகள் போருக்கு முந்திய நிலையோடும் சுனாமிக்குப் பிந்திய நிலையோடும் ஒப்பிடப்படுகின்றன. ஒற்றைப் பெற்றோர் குடும்பங்கள் உருவாயின, குடும்பங்களுக்குள் நம்பிக்கை குலைந்தது என்றும், பாரம்பரியக் கட்டமைப்பு சிதைந்தது என்றும், சமுதாயங்கள் தங்கியிருப்பனவாக, செயலற்றனவாக, மௌனமானவையாக, தலைமையற்றனவாக, சந்தேகம் மிக்கவையாக மாறின என்றும் முடிவு சொல்கிறது. நிவாரண, அபிவிருத்தித் திட்டங்கள் இந்தக் கூட்டு மனவடுவையும் கவனத்தில் எடுக்கவேண்டும் என்பது பரிந்துரை.

ஒரு முடிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

‘சமுதாயங்கள் தங்கியிருப்பனவாகவும் செயலற்றனவாகவும் மாறின’ என்ற முடிவை எடுப்போம். இப்படிச் சொன்னது யார்? சுருக்கத்தின்படி நேர்காணலிலும் குழுக் கலந்துரையாடலிலும் பேசியவர்கள் பணியாளர்களும் அதிகாரிகளும். நிவாரணம் கொடுப்பவர், வாங்குபவரைச் சந்திக்கும் நேரம் பெரும்பாலும் வரிசையில் நிற்கும் நேரம்தான். அரிசிக்கும் மாவுக்கும் கையேந்தி நிற்கும் பெண்ணை அவர் பார்க்கிறார். அதே பெண் பின்னேரம் கோழிக்கூட்டைத் திருத்துவதையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதையும் அவர் பார்க்க வாய்ப்புக் குறைவு. தங்கியிருத்தல் இங்கே சமுதாயத்தின் குணமா, அல்லது அந்தச் சந்திப்பின் குணமா? ஆய்வு சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் உயிர்பெறுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வேலை இருக்கிறது. கட்டுரையை அச்செடுத்து, ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்தைக் குறியுங்கள். பாதிக்கப்பட்டவரின் சொந்தச் சொல் ஆதாரமாக இருந்தால் ‘பா’, பணியாளர் அல்லது அதிகாரியின் சொல் என்றால் ‘ப’, ஆசிரியரின் அவதானம் என்றால் ‘ஆ’, எதுவென்று தெரியாவிட்டால் கேள்விக்குறி. முடித்துவிட்டு ஓரத்தைப் பாருங்கள். ஒரு முடிவின் பக்கத்தில் ‘ப’ மட்டும் நின்றால், அந்த முடிவு பணியாளர்கள் சமுதாயத்தை எப்படிக் கண்டார்கள் என்பதைப் பற்றியது. அது தனிப் பெறுமதியுள்ள ஆய்வுதான். ஆனால் சமுதாயம் எப்படி இருந்தது என்று சொல்வது அதைவிடப் பெரிய கூற்று. அதற்கு ‘பா’ வேண்டும். கேள்விக்குறிகள் நிறைந்தால் பிரச்சினை அறிக்கையிடலில் இருக்கிறது என்று அர்த்தம். ஆய்வே பிழை என்று அதை வைத்து எழுதிவிடாதீர்கள்.

முக்கோணப்படுத்தலையும் இந்த ஓரக்குறிப்பை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம். மூன்று முறைகள் என்றவுடன் மாணவர்கள் திருப்தியடைந்துவிடுகிறார்கள். நேர்காணலுக்கு வந்தவரும் குழுவில் உட்கார்ந்தவரும் ஒரே வகையான ஆட்கள் என்றால், முறை மாறியிருக்கிறது, பார்க்கும் இடம் மாறவில்லை. இரண்டிலும் ஒரே பதில் கிடைத்தால் அதை இரண்டு சாட்சிகளாக எண்ணக்கூடாது. இந்தக் கட்டுரையில் மூன்றாவது வழியான ஆசிரியரின் அவதானத்தின் மேல்தான் பாரம் விழுகிறது. ஆகவே அவர் எங்கே, எவ்வளவு காலம், எந்தப் பாத்திரத்தில் நின்று அவதானித்தார் என்பதைக் கட்டுரைக்குள் தேடவேண்டும்.

அடுத்தது மௌனம். கட்டுரை வெளியான காலத்தை மறந்துவிட்டு இந்தச் சொல்லை மதிப்பிட முடியாது. 2002இன் போர்நிறுத்தம் கலைந்துகொண்டிருந்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு யாழ்ப்பாணக் குடாநாடு தரைவழி துண்டிக்கப்பட்டது. இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் வாழ்ந்த ஒருவர், முன்பின் தெரியாதவர் முன்னால் வாய் திறக்காதது மனவடுவின் அறிகுறியா, உயிர்தப்பும் புத்தியா? இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நல்ல பண்புசார் ஆய்வு இந்த இரண்டு வாசிப்புகளையும் எடுத்து வைத்து, தரவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். லிங்கனும் கூபாவும் எதிர்மறை உதாரணத்தைத் தேடு என்று சொன்னது இதற்காகத்தான். மௌனமாக இல்லாத ஒரு கிராமம், தலைமை குலையாத ஒரு கோயில் சபை, இயங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டுறவுச் சங்கம் கட்டுரையில் எங்காவது வருகிறதா? வந்தால் ஆசிரியர் அதை எப்படி விளக்குகிறார்? எதுவுமே முடிவுக்கு எதிராக நிற்காத பண்புசார் ஆய்வைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சற்று ஐயம் வரும். மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

ஒப்பீட்டையும் தொட்டுப் போகவேண்டும். போருக்கு முந்திய நிலை என்பது பெரும்பாலும் நினைவிலிருந்து எடுக்கப்படுவது, நினைவு அந்தக் காலத்தை மினுக்கித்தான் தரும். சாதியும் சீதனமும் இருந்த ஊர் ‘நம்பிக்கையும் ஒற்றுமையும் நிறைந்த ஊர்’ ஆகிவிடுவது அப்படித்தான். சுனாமி வந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில் அதன் பின்விளைவை, இருபது ஆண்டுக்கும் மேலான போரின் விளைவோடு அருகருகே வைப்பதிலும் காலத்தின் சமமின்மை இருக்கிறது. இவற்றை ஒவ்வொரு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

செய்யாமல் விட்டதை எப்படி எடைபோடுவது

கண்டறிந்ததைப் பங்குபற்றுநரிடமே திரும்பக் கொண்டுபோய், “இது சரிதானா?” என்று கேட்பதை லிங்கனும் கூபாவும் நம்பகத்துக்கான மிக முக்கியமான வழி என்றார்கள். அது செய்யப்படவில்லை என்றால் மாணவர் உடனே ‘குறைபாடு’ என்று எழுதிவிடுகிறார். இந்த ஆய்வின் களத்தில் நின்று யோசியுங்கள். பேச்சு எழுத்தாக்கப்பட்ட தாளோடு ஒருவரின் வீட்டுக்கு இரண்டாம் முறை போவது, போர்க்காலத்தில் அவரை ஆபத்தில் தள்ளக்கூடும். ஆய்வுப் பாதையைக் காட்டும் களக்குறிப்புகளும் அப்படியே. சோதனைச் சாவடியில் பெயர்கள் எழுதிய கொப்பி ஒன்று பிடிபடுவது என்றால் என்ன என்று வடக்கிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே ‘செய்யவில்லை’ என்பதோடு நிற்காமல், செய்யக்கூடியதாக இருந்ததா, ஆசிரியர் காரணம் சொல்கிறாரா, அதற்குப் பதிலாக வேறென்ன செய்தார் என்ற மூன்றையும் எழுதுங்கள். காரணத்தைச் சொல்லியிருந்தால் அது பலம். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தச் சொல்லாமையே உங்கள் விமர்சனம்.

சரிபார்ப்புப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு சொல். மதிப்பீட்டுக்கென்று வந்தது பத்துக் கேள்விகள் கொண்ட காஸ்ப் பட்டியல். ஆய்வாளருக்கும் பங்குபற்றுநருக்கும் இடையிலான உறவு போதியளவு ஆராயப்பட்டதா என்பது அதில் ஆறாவது கேள்வி. 32 அம்சங்கள் கொண்ட கோரெக், நேர்காணல், குழுக் கலந்துரையாடல் ஆய்வுகளை அறிக்கையிடுவதற்கான பட்டியல். மதிப்பெண் போட வந்ததல்ல. அது வெளிவந்ததும் 2007இல்தான். அதே ஆண்டு வந்த கட்டுரையைக் கோரெக்கை வைத்து ‘32இல் இத்தனை’ என்று எண்ணுவது அநியாயம்.

ஆய்வாளர் எங்கே நிற்கிறார்

ஆய்வாளர் தன் இடம், தொழில், நம்பிக்கை, உறவுகள் ஆகியவை தரவையும் விளக்கத்தையும் எப்படி வளைத்தன என்று தானே ஆராய்ந்து காட்டுவதைத் தன்நோக்கு என்று இங்கே அழைப்போம். ஆங்கிலவழி வகுப்பில் ரிஃப்ளெக்சிவிட்டி என்று கேட்டிருப்பீர்கள்.

சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர். போரின் உளப்பாதிப்பு பற்றி 1998இல் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்ற நூலை எழுதியவர். அதற்கு முன், 1990இல் வெளிவந்த ‘முறிந்த பனை’யின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர், மற்ற மூவர் ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம. ராஜினி 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் என எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்ட நூல் அது. இவ்வளவும் பொதுவெளியில் இருப்பவை. மதிப்பீட்டில் இவற்றை வைத்து என்ன செய்வது?

முதலில் பலத்தை எழுதுங்கள். களத்தில் நீண்ட காலம் இருத்தல் நம்பகத்தின் அடித்தளம், அதில் இவருக்கு இணையானவர் அரிது. கொழும்பிலிருந்து இரண்டு வாரம் போய் வந்தவருக்குக் கிடைக்காத சொற்கள் இவருக்குக் கிடைத்திருக்கும். அடுத்து, இதே இருப்பு எதை மறைத்திருக்கலாம் என்று கேளுங்கள். உளமருத்துவர் முன்னால் உட்கார்ந்தவர் துன்பத்தைத்தான் சொல்வார். சமாளித்த கதை சொல்லத் தகுந்ததாக அவருக்கே தோன்றாது. திட்டத்தை நடத்துபவரிடம் பேசும் பணியாளர், திட்டம் தேவையில்லை என்று சொல்லவும் மாட்டார். ஆய்வின் முடிவும் திட்டங்கள் கூட்டு மனவடுவைக் கவனிக்கவேண்டும் என்பதே. இதில் நேர்மையீனம் எதுவுமில்லை. ஆனால் முடிவு தரவிலிருந்துதான் வந்தது, ஆய்வாளரின் முன்முடிவிலிருந்து வரவில்லை என்று வாசகர் சரிபார்க்கக்கூடிய வழி திறந்திருக்கவேண்டும். நான்காவது அளவுகோல் கேட்பது இதைத்தான்.

மனவடு என்ற கருத்தே ஆய்வாளர் கையில் எடுத்துப்போன கருவி என்பதும் இங்கே சேரும். டெரெக் சமர்ஃபீல்ட் 1999இல் எழுதிய கட்டுரையில், போர்ப் பிரதேசங்களுக்குள் மனவடுத் திட்டங்களைக் கொண்டுபோகிறவர்களின் எடுகோள்களைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். துன்பத்தை எல்லாம் தனிமனித நோயாக மாற்றிவிடுகிறோமா என்பது அவர் கவலைகளில் ஒன்று. சோமசுந்தரம் தனிமனிதரை விட்டுக் குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் நகர்கிறார் என்பது அவருக்குச் சாதகமாக எழுதவேண்டிய விடயம். ஆனால் ‘மனவடு’ என்ற சட்டகம் அப்படியே இருக்கிறது. அந்தச் சட்டகத்துக்குள் அடங்காத எதையாவது அவர் பதிவுசெய்கிறாரா என்று பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நூல் உதவும். ராஜினியின் மகளான மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011இல் வெளியிட்ட ‘இன் மை மதர்ஸ் ஹவுஸ்’, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களையும், கொழும்புத் தமிழர் உட்பட இடம்பெயர்ந்த தமிழர்களையும் பற்றியது. தலைப்பிலேயே ஆய்வாளரின் வீடு இருக்கிறது. இங்கே மாணவர்கள் வேறொரு பிழையைச் செய்கிறார்கள்: ஆய்வாளர் தன் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார், ஆகவே தன்நோக்கு நிறைவு என்று எழுதிவிடுகிறார்கள். வாழ்க்கைக் குறிப்பு இருப்பது மட்டும் தன்நோக்கு ஆகாது. இவர் யாருடைய மகள் என்று அறிந்த ஒருவர், இயக்கத்தைப் பற்றிக் கேட்டால் எதைச் சொல்வார், எதை விழுங்குவார்? அறியாத ஒருவரின் பதில் வேறாக இருக்குமா? முகவுரையில் சொன்ன இடம், பின்னால் ஒரு குறிப்பிட்ட நேர்காணலை விளக்கும்போது மறுபடி கணக்கில் எடுக்கப்படுகிறதா? பக்க எண்ணோடு அந்த இடத்தைக் காட்ட முடிந்தால் உங்கள் மதிப்பீடு வலுப்பெறும். முகவுரையோடு அது நின்றுவிட்டால், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அது அறிமுகம்தான்.

கொழும்புக்குப் பொருந்துமா

வடக்கைப் பற்றிய முடிவைக் கொழும்பிலுள்ள வடபகுதிக் குடும்பங்களுக்கான ஒரு சேவைக்கு அடிப்படையாக எடுக்கலாமா என்பது உங்கள் ஒப்படையில் வரக்கூடிய கேள்வி. இதில் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. களத்தை விரிவாக விவரிப்பது ஆசிரியர் வேலை. தன் களத்தோடு அதை ஒப்பிட்டுத் தீர்மானிப்பது அதைப் பயன்படுத்துபவர் வேலை. ஆகவே ‘இம்முடிவுகளைப் பொதுமைப்படுத்த முடியாது’ என்று எழுதுவது தப்பித்தல்.

வெள்ளவத்தையை எடுங்கள். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்கள் லொட்ஜுகளிலும் அடுக்குமாடிகளிலும் தங்கினார்கள்; பொலிஸ் பதிவு, வெளிநாட்டுப் பயணத்துக்கான காத்திருப்பு, அங்கிருந்து வரும் பணம் என்பவை அவர்கள் வாழ்வைத் தீர்மானித்தன. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பின் பல பகுதி லொட்ஜுகளிலிருந்து 350க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்படியொரு லொட்ஜில் இருந்தவரின் மௌனம் கட்டுரை பேசும் மௌனத்தோடு உறவுடையதுதான். ஆனால் அங்கே குலைந்துபோக ஒரு ஊர்ச் சமுதாயம் முன்பு இருக்கவில்லை, அயலவர்கள் புதியவர்கள். ‘பாரம்பரியக் கட்டமைப்பின் சிதைவு’ என்ற முடிவு இங்கே அப்படியே பொருந்தாது. கொட்டாஞ்சேனை இன்னும் வேறு. தலைமுறைகளாகக் கொழும்பிலேயே வாழும் தமிழரும், மலையகத்திலிருந்து வந்தவர்களும், சிங்களவரும், முஸ்லிம்களும் ஒரே தெருக்களில் வாழும் இடம் அது. தேவாலயமும் கோயிலும் சேர்ந்தே ஊரின் ஒழுங்கைத் தாங்குகின்றன. குடும்பத்துக்குள் ஒற்றைப் பெற்றோர், நம்பிக்கைக் குறைவு என்ற முடிவுகள் ஓரளவு பொருந்தலாம், சமுதாய மட்ட முடிவுகளுக்குப் புதிதாகத் தரவு வேண்டும். இப்படி முடிவு முடிவாகப் பிரித்துச் சொல்வதே இந்த அளவுகோலைப் பயன்படுத்துவது.

எழுதும்போது

மேலே செய்த வேலை எல்லாம் கடைசியில் ஒரு பந்தியாகச் சுருங்கும். மாதிரிக்கு ஒன்று:

“சமுதாயங்கள் செயலற்றுத் தங்கியிருப்பனவாக மாறின என்ற முடிவுக்கு, சுருக்கத்தின்படி, பணியாளர்கள், அதிகாரிகள் ஆகியோரின் கூற்றுகளும் ஆசிரியரின் அவதானமும் ஆதாரம். ஆசிரியரின் நீண்டகாலக் களப்பணி இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் உதவி வழங்குவோரின் கோணம் மேலோங்குவதால், இதனைச் சமுதாயத்தின் இயல்பாகக் கொள்வதைவிட உதவிச் சந்திப்புகளில் வெளிப்பட்ட தோற்றமாகக் கொள்வதே பாதுகாப்பானது. ஆசிரியரே திட்டங்களில் ஈடுபட்டிருந்தமை வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. அந்த ஈடுபாடு இந்த முடிவை எவ்வாறு பாதித்திருக்கலாம் என்பது தனியாக ஆராயப்படவேண்டியது.”

முழுக் கட்டுரையையும் ஓரக்குறிப்போடு வாசித்த பிறகு, இந்தப் பந்தியின் ‘சுருக்கத்தின்படி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, நீங்கள் கண்ட இடங்களைக் குறிப்பிடுங்கள். கடைசி வாக்கியத்தையும், கட்டுரையின் உடலில் கண்டதற்கேற்ப மாற்றுங்கள். ‘பா’ நிறைய இருந்தால் தீர்ப்பையே மாற்றவேண்டியிருக்கும், தயங்காமல் மாற்றுங்கள்.

உங்கள் இடத்தையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். உங்கள் குடும்பம் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்ததாக இருந்தால், கட்டுரையின் எந்த முடிவை ஆதாரம் பார்க்காமலே ஏற்கத் தோன்றியது, எதைக் கேட்டதும் கோபம் வந்தது என்று குறியுங்கள். இதை மதிப்பீட்டின் வால்பகுதியில் மரியாதைக்காகச் சேர்க்காமல், குறிப்பிட்ட முடிவைப் பற்றிய பந்திக்குள்ளேயே வையுங்கள். கோபம் வந்த முடிவின் ஓரக்குறிப்பைத்தான் இரண்டாம் தடவை சரிபார்க்கவேண்டும்.